லாவெண்டர் மணம் தூக்கத்துக்கு எவ்வளவு உதவும்?

*"என் அம்மாவுக்கு 58 வயது. ஒன்பது மணிக்கே படுத்துவிடுவார், ஆனால் தூக்கம் பிடிக்க நேரமாகும். நடுராத்திரி விழித்தால் அப்புறம் விடியும்வரை புரண்டுகொண்டே இருப்பார். அக்கா ஒரு லாவெண்டர் ஆயில் பாட்டிலும் டிஃப்யூசரும் அனுப்பியிருக்கிறாள். இதற்கு உண்மையிலேயே ஆதாரம் இருக்கிறதா, இல்லை விளம்பரமா? எப்படிப் பயன்படுத்தினால் சரி? வீட்டில் மூன்று வயதுக் குழந்தையும் இருக்கிறது."*

கொஞ்சம் ஆதாரம் இருக்கிறது, ஆனால் அது மெலிந்த ஆதாரம். லேசான தூக்கக் குறைவு உள்ளவர்களில் சிலர், லாவெண்டர் மணம் இருந்த இரவுகளில் நன்றாகத் தூங்கியதாகச் சொல்கிறார்கள். தூங்கிய நேரத்தை அளந்து பார்த்தால் பெரிய மாற்றம் தெரிவதில்லை. அளவோடு முகர்ந்தால் கெடுதல் குறைவு, அதனால் அக்கா அனுப்பியதைத் தூக்கிப் போட வேண்டாம். அம்மாவின் தூக்கம் அந்தப் பாட்டிலால் மட்டும் சரியாகும் என்று காத்திருக்கவும் வேண்டாம்.

நான் ஃபார்மசி கல்லூரியில் மூலிகை மருந்துகள் பற்றிய பாடம் நடத்துகிறவன். வருடத்துக்கு ஒரு தடவையாவது மாணவர்களில் யாராவது இதே கேள்வியைக் கேட்பார்கள். அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

முதலில் அந்தப் பாட்டிலை எடுத்து லேபிளைப் படியுங்கள். Lavandula angustifolia என்று தாவரப் பெயர் அச்சிட்டிருக்கிறதா? ஆய்வுகளில் பெரும்பாலும் பயன்பட்டது இந்தச் செடியின் பூவை நீராவியில் வடித்து எடுத்த எண்ணெய்தான். இதில் லினலூல், லினலைல் அசிடேட் என்ற இரண்டு பொருள்கள் சேர்ந்தே பாதிக்கு மேல் இருக்கும். கற்பூரச் சத்து மிகக் குறைவு. Lavandula latifolia என்றால் அது வேறு இனம், ஸ்பைக் லாவெண்டர் என்பார்கள். அதில் கற்பூரமும், யூகலிப்டஸ் தைலத்தில் இருக்கும் சினியோலும் கணிசமாக உண்டு. மூக்கடைப்புக்கு முகர்கிற வாசனை அது, படுக்கையறைக்கு ஏற்றதல்ல. இரண்டும் கலந்த ஒட்டு வகைக்கு லாவண்டின் என்று பெயர். எண்ணெய் நிறையக் கிடைக்கும், விலையும் மலிவு, அதனால் சோப்பு முதல் தரை துடைக்கும் திரவம் வரை எல்லாவற்றிலும் அதுதான். லேபிளில் இந்தப் பெயர் எதுவுமே இல்லாமல் ‘லாவெண்டர் ஃப்ராக்ரன்ஸ் ஆயில்’ என்று மட்டும் இருந்தால், அது அநேகமாகச் செயற்கை வாசனைத் திரவம். வாசனை நன்றாகவே இருக்கும், ஆனால் நான் கீழே சொல்லப்போகிற ஆய்வுகளுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

வீட்டிலேயே செய்யக்கூடிய சின்னச் சோதனை ஒன்று உண்டு. வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு, மறுநாள் வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். சுத்தமான வாசனை எண்ணெய் ஏறக்குறைய முழுதும் ஆவியாகிப் போயிருக்கும். பஜ்ஜி வைத்த காகிதம் மாதிரி எண்ணெய்க் கறை வளையமாக நின்றால், வேறு ஏதோ எண்ணெயில் கலந்து விற்றிருக்கிறார்கள். செயற்கை லினலூல் சேர்த்திருந்தால் இந்தச் சோதனையில் தெரியாது. கலப்படத்தில் பாதியைத்தான் இது பிடிக்கும்.

லினலூல் லாவெண்டருக்கு மட்டும் சொந்தமானதும் இல்லை. நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் தனியாவின் வாசனை எண்ணெயில் பெரும்பங்கு லினலூல்தான். குண்டுமல்லியின் மணத்திலும் அது உண்டு. அதற்காக மல்லிச்சரம் வைத்துக்கொண்டால் தூக்கம் வரும் என்று நான் சொல்லவில்லை. அயல்நாட்டுப் பூவில் மட்டுமே இருக்கும் அபூர்வப் பொருள் என்ற பிரமை வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, ஆய்வுகளுக்கு வருவோம். மூன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது, 2005-இல் அமெரிக்காவில் நம்னி கோயலும் இரண்டு சகாக்களும் வெளியிட்டது. 31 பேர், எல்லாரும் 18 முதல் 30 வயதுக்குள், நன்றாகத் தூங்குகிறவர்கள். மூன்று இரவுகள் தூக்க ஆய்வகத்தில் படுக்க வைத்து, தலையில் மின்முனைகள் ஒட்டி, மூளை அலைகளைப் பதிவு செய்தார்கள். முதல் இரவு இடம் பழகுவதற்கு. மற்ற இரண்டில் ஓர் இரவு லாவெண்டர், ஓர் இரவு வெறும் காய்ச்சி வடித்த தண்ணீர். இரவு 11.10 முதல் 11.40 வரை, பத்து நிமிடத்துக்கு இரண்டு நிமிடம் வீதம் முகர வைத்தார்கள். லாவெண்டர் இரவில் ஆழ்ந்த தூக்கத்தின் பங்கு ஆண், பெண் இருவருக்கும் கூடியிருந்தது. காலையில் எழுந்ததும் தெம்பாக இருப்பதாகவும் சொன்னார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் லேசான தூக்கத்திலும் கனவுத் தூக்கத்திலும் பெண்களுக்கு ஒரு திசையிலும் ஆண்களுக்கு நேர் எதிர்த் திசையிலும் மாற்றம் வந்தது. இத்தனை சிறிய கூட்டத்தில் இப்படி இரண்டு பக்கமும் இழுக்கும் முடிவைப் பார்த்தால் நான் கொஞ்சம் தயங்குவேன். எல்லாவற்றுக்கும் மேல், அவர்களில் யாருக்கும் தூக்கப் பிரச்சினையே கிடையாது. பசியோடு இருப்பவனுக்கு மருந்து தேடும்போது சாப்பிட்டு முடித்தவனைச் சோதித்த கதைதான்.

இந்த ஆய்வில் பலரும் கவனிக்காமல் விடுகிற ஒன்று அளவு. இரவு முழுக்க டிஃப்யூசர் ஓடவில்லை. அரை மணி நேரத்துக்குள், மொத்தம் சில நிமிடங்கள் முகர்ந்ததுதான். இதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இரண்டாவதும் அதே ஆண்டு வந்ததுதான், இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில். இவர்கள் உண்மையிலேயே தூக்கமின்மை உள்ளவர்களைச் சேர்த்தார்கள், ஆனால் ஆய்வை முடித்தவர்கள் 10 பேர்தான். ஒரு வாரம் லாவெண்டர், ஒரு வாரம் இடைவெளி, ஒரு வாரம் இனிப்பு பாதாம் எண்ணெய், சிலருக்கு இதே வரிசை தலைகீழாக. தூக்கத்தின் தரத்தை அளக்க பிட்ஸ்பர்க் கேள்வித்தாள் என்று ஒன்று உண்டு. 0 முதல் 21 வரை மதிப்பெண், குறைந்தால் நல்லது. அதில் லாவெண்டர் பக்கம் சுமார் இரண்டரை மதிப்பெண் நல்ல மாற்றம் தெரிந்தது. பத்துப் பேரை வைத்து அது தற்செயல் இல்லை என்று அடித்துச் சொல்ல முடியவில்லை. ஆய்வு நடத்தியவர்களே இதை முன்னோட்டம் என்றுதான் அழைத்தார்கள்.

மூன்றாவது, 2015-இல் வந்தது. தூக்கம் சரியில்லை என்று சொன்ன 79 கல்லூரி மாணவர்கள். எல்லாருக்கும் தூக்கப் பழக்கங்கள் பற்றி ஒரே அறிவுரை. ஒரு பாதிக்கு லாவெண்டர் தடவிய ஒட்டுப்பட்டை, மறுபாதிக்கு மணமில்லாத ஒட்டுப்பட்டை. ஐந்து இரவுகள் நெஞ்சில் ஒட்டிக்கொண்டு படுக்க வேண்டும். லாவெண்டர் அணி தூக்கத்தின் தரம் கூடுதலாக நன்றாக இருந்ததாகச் சொன்னது. இரண்டு வாரம் கழித்துக் கேட்டபோதும் அப்படியே. ஆனால் எத்தனை மணி நேரம் தூங்கினார்கள் என்று பார்த்தால் இரண்டு அணிக்கும் வித்தியாசம் இல்லை. அறிவுரை மட்டும் பெற்ற அணியும் முன்பைவிட முன்னேறியிருந்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இந்தத் துறையில் கிடைக்கும் மற்ற பல ஆய்வுகளும் இதே சாயலில்தான் இருக்கும். சின்னக் கூட்டம், சில நாள், மருத்துவமனையில் இருக்கும் நோயாளிகளிடம் கேள்வித்தாள், ‘நன்றாக இருந்தது’ என்ற பதில். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் லாவெண்டர் பக்கம் தராசு சாய்கிறது. ஆனால் தராசே நடுங்கிக்கொண்டிருக்கிறது.

ஏன் நடுங்குகிறது? மாத்திரையைச் சோதிக்கும்போது அதே நிறம், அதே வடிவத்தில் போலி மாத்திரை செய்யலாம். எது அசல் என்று சாப்பிடுகிறவருக்கும் தெரியாது, கொடுக்கிறவருக்கும் தெரியாது. மணத்துக்குப் போலி எப்படிச் செய்வது? தண்ணீர் வைத்தால் மணக்காது. மணக்கிற வேறு ஒன்றை வைத்தால் அதுவும் ஏதாவது செய்துவிடலாம். லாவெண்டர் என்றாலே அமைதி, தூக்கம் என்று விளம்பரங்கள் ஏற்கெனவே மனதில் ஏற்றி வைத்திருக்கின்றன. அதனால் ஆய்வில் கலந்துகொள்கிறவர் மூக்கில் பட்டவுடனேயே தன் அணி எது என்று கண்டுபிடித்துவிடுவார், என்ன நடக்க வேண்டும் என்பதையும் முடிவு செய்துவிடுவார். தூக்கம் போல மனம் ஆளுகிற விஷயத்தில் இது சின்னக் குறை இல்லை.

2008-இல் அயர்லாந்தில் இரண்டு உளவியலாளர்கள் இதையே குறிவைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். 96 மாணவிகளை லாவெண்டர், வேறு மணம், மணமே இல்லை என்று பிரித்து, இந்த மணம் உங்களுக்கு என்ன செய்யும் என்று வேறு வேறு மாதிரி முன்கூட்டியே சொல்லி வைத்தார்கள். பிறகு தோலின் மின்கடத்தலை அளந்து எவ்வளவு தளர்கிறார்கள் என்று பார்த்தார்கள். லாவெண்டர் தனியாக எதையும் செய்ததாகத் தெரியவில்லை. மாறியது எதிர்பார்ப்பைப் பொறுத்து. அவர்கள் அளந்தது தூக்கத்தை அல்ல, ஆரோக்கியமான இளம் பெண்களின் சில நிமிடத் தளர்வைத்தான். ஆனாலும் முந்தைய ஆய்வுகளை இதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிப்பதுதான் நேர்மை.

அப்படியானால் எல்லாமே மனப்பிரமையா என்றால், அப்படியும் சொல்ல மாட்டேன். எலிகளுக்கு விளம்பரம் தெரியாது. ஜப்பானின் ககோஷிமா பல்கலைக்கழகத்தில் 2018-இல் சுண்டெலிகளை லினலூல் ஆவியை முகர வைத்தபோது அவற்றின் பதற்றம் குறைந்தது. முகரும் உணர்வை அழித்துவிட்ட எலிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதாவது இரத்தத்தில் கலந்து வேலை செய்யவில்லை, மூக்கின் நரம்பு வழியாகத்தான் செய்கிறது. பதற்றத்தைத் தணிக்கும் டயஸெபாம் வகை மருந்துகளின் விளைவை முறிக்கும் ஃப்ளூமஸெனில் கொடுத்தால் லினலூலின் விளைவும் நின்றுபோனது. ஆக, மூளையில் ஏதோ ஒரு கதவு திறக்கிறது என்பதற்கு அறிகுறி இருக்கிறது. அந்தக் கதவு 58 வயது மனுஷியின் நடுராத்திரி விழிப்பைச் சரிசெய்யும் அளவுக்குத் திறக்கிறதா என்பதற்கு எலியிடம் பதில் கிடைக்காது.

இணையத்தில் தேடினால் ‘லாவெண்டர் தூக்க மாத்திரைக்குச் சமம்’ என்று ஒரு வாசகம் கண்ணில் படும். அதன் மூலம் வேறு. ஜெர்மனியில் சைலெக்ஸான் என்ற பெயரில் லாவெண்டர் எண்ணெயைக் கேப்ஸ்யூலாக்கி, 80 மில்லிகிராம் அளவில் கொடுத்துச் சோதித்தார்கள். 2010-இல் வந்த ஓர் ஆய்வில் 77 பேருக்கு ஆறு வாரம் கொடுத்து, டயஸெபாம் வகையைச் சேர்ந்த லோரஸெபாம் 0.5 மில்லிகிராமோடு ஒப்பிட்டார்கள். பதற்றம் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு குறைந்தது. 2014-இல் 539 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்விலும் போலி மருந்தைவிட நன்றாக வேலை செய்தது. இவை மணத்தின் ஆய்வுகளைவிடத் தரமானவை. ஆனால் இவை பதற்ற நோய்க்கான ஆய்வுகள், முகர்வது அல்ல விழுங்குவது, பெரும்பாலும் தயாரிப்பு நிறுவனத்தின் ஆட்களே பங்கேற்று நடத்தியவை. தூக்கம் கெட்டிருந்த 170 பேரை எடுத்துச் சோதித்தபோது பதற்றம் குறைந்தது தெளிவாகத் தெரிந்தது, தூக்கத்தின் மதிப்பெண்ணில் வித்தியாசம் அவ்வளவு உறுதியாக நிற்கவில்லை. கேப்ஸ்யூல் போட்டவர்களில் சிலருக்குப் பூ வாசனையோடு ஏப்பம் வந்தது என்பது அந்த ஆய்வுகளில் எனக்குப் பிடித்த தகவல். இங்கேயும் போலி மருந்து எது என்று கண்டுபிடித்திருப்பார்களே!

ஐரோப்பிய மருந்து முகமையும் லாவெண்டர் எண்ணெயை லேசான மன அழுத்தத்துக்கும் தூக்கத்துக்கும் பயன்படுத்தலாம் என்று ஏற்றிருக்கிறது. எதன் அடிப்படையில்? நீண்டகாலமாக மக்கள் பயன்படுத்தி வருகிறார்கள் என்ற அடிப்படையில். ஆய்வுகளால் நிரூபணமானது என்று அது சொல்லவில்லை. விளம்பரத்தில் முதல் பாதி மட்டும்தான் வரும்.

இனி வீட்டுக்கு வருவோம். கேப்ஸ்யூலில் லாவெண்டர் இருக்கிறதே என்று உங்கள் பாட்டிலிலிருந்து இரண்டு சொட்டைப் பாலில் விட்டுக் குடிக்கக் கொடுத்துவிடாதீர்கள். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம், எனக்குத் தெரிந்த வீட்டில் அப்படிச் செய்தார்கள். முகர்கிற எண்ணெய் விழுங்குவதற்குத் தயாரித்ததல்ல.

டிஃப்யூசரில் தண்ணீர் ஊற்றி இரண்டு, மூன்று சொட்டுப் போதும். படுப்பதற்கு அரை மணி நேரம் முன்னால் போட்டு, விளக்கை அணைக்கும்போது அதையும் அணைத்துவிடுங்கள். இரவு முழுக்க ஓடுவதால் லாபம் இல்லை. மூக்குக்கு ஒரு குணம் உண்டு, தொடர்ந்து ஒரே மணம் இருந்தால் கொஞ்ச நேரத்தில் அதைக் கவனிப்பதை நிறுத்திவிடும். சாம்பிராணி போட்ட வீட்டில் இருப்பவருக்கு வாசனை தெரியாது, வெளியிலிருந்து வருகிறவருக்குத்தான் தெரியும். வாசனை போய்விட்டதே என்று இன்னும் நாலு சொட்டுச் சேர்ப்பவர்கள்தான் காலையில் தலைவலியோடு எழுகிறார்கள். நான் சொன்ன முதல் ஆய்விலும் விட்டு விட்டுச் சில நிமிடங்கள்தான் கொடுத்தார்கள் என்பதை நினைவில் வையுங்கள். கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் மூடி ஏசி போட்ட அறை என்றால் அளவை இன்னும் குறையுங்கள். தண்ணீர்த் தொட்டியை மறுநாள் கொட்டிக் காயவைக்க வேண்டும், இல்லாவிட்டால் வழுவழுவென்று பாசி பிடித்து அதையும் சேர்த்து முகர்வோம்.

டிஃப்யூசரே தேவையில்லை என்பது என் சொந்தக் கருத்து. ஒரு பஞ்சில் ஒரே ஒரு சொட்டு விட்டு, சின்னக் கிண்ணத்தில் வைத்து, தலையணையிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தால் அதே வேலை நடக்கும். தலையணை உறையில் நேரே சொட்டினால் கன்னத்தில் படும், கண்ணில் படும். உள்ளங்காலில் தடவ ஆசைப்பட்டால் 10 மில்லி தேங்காய் எண்ணெய்க்கு இரண்டு சொட்டு, அதுதான் ஏறக்குறைய ஒரு சதவீதம். முதல் நாள் முழங்கையின் உள்பக்கத்தில் கொஞ்சம் தடவி ஒரு நாள் பார்த்துவிட்டுத் தொடங்கட்டும். லாவெண்டர் பத்தி வாங்கிக் கொளுத்துவதை மட்டும் இதோடு சேர்க்காதீர்கள். அது புகை. மூடிய படுக்கையறையில் புகையை இழுத்துக்கொண்டு தூக்கத்தைத் தேட முடியாது.

பாட்டில் பழசாவதைப் பற்றி யாரும் சொல்வதில்லை. லினலூல் காற்று பட்டால் மெல்ல மெல்ல ஆக்சிஜனோடு சேர்ந்து வேறு பொருளாகிறது. தோலில் அரிப்பு, தடிப்பு வரவழைப்பது பெரும்பாலும் அந்த மாறிய பொருள்தான். எனவே கறுப்பு அல்லது பழுப்புக் கண்ணாடிப் பாட்டில், இறுக்கமான மூடி, வெயில் படாத அலமாரி. திறந்த தேதியை லேபிளில் பேனாவால் எழுதி வையுங்கள். மணம் கூர்மையாகி டர்பெண்டைன் சாயல் வந்துவிட்டால் தோலில் தடவுவதை நிறுத்திவிடலாம்.

மூன்று வயதுக் குழந்தை இருப்பதால் பாட்டிலை எட்டாத உயரத்தில், முடிந்தால் பூட்டி வையுங்கள். நல்ல வாசனை, சின்னப் பாட்டில், குழந்தை வாயில் வைக்காமல் இருக்காது. சில மில்லி உள்ளே போனாலே குழந்தை மயங்கலாம், வாந்தி எடுக்கும்போது எண்ணெய் நுரையீரலுக்குள் போகலாம், அதுதான் பெரிய ஆபத்து. அப்படி நடந்தால் வாந்தி எடுக்க வைக்காமல், பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். 108-ஐ அழைக்கலாம். வீட்டில் இருக்கும் யூகலிப்டஸ் தைலத்துக்கும் கற்பூரத்துக்கும் இதே எச்சரிக்கை, இன்னும் பலமாகவே. குழந்தை அம்மாவின் அறையில் படுக்கிறது என்றால் டிஃப்யூசரை விட்டுவிட்டுப் பஞ்சு முறையே நல்லது. யாருக்காவது ஆஸ்துமா இருந்தால் எந்தப் பலமான வாசனையும் இழுப்பைக் கிளப்பலாம். பூனை வளர்க்கிறீர்களானால் அதற்கும் இந்த எண்ணெய் ஆகாது, அதன் கல்லீரலுக்கு இவற்றைச் சிதைத்து வெளியேற்றும் திறன் குறைவு.

உங்கள் அம்மாவுக்கு இது உதவுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இதற்கு என் பெரியம்மா கதையைச் சொல்கிறேன். அவருக்கு அப்போது 64 வயது, புகார் ஏறக்குறைய உங்கள் அம்மாவுடையதுதான். பேரன் லாவெண்டர் வாங்கிக் கொடுத்திருந்தான். ‘இது கேக்குதாடா?’ என்று என்னைக் கேட்டார். சோதித்துப் பார்த்துவிடலாம் பெரியம்மா என்றேன். ஏழு சீட்டில் ‘உண்டு’, ஏழு சீட்டில் ‘இல்லை’ என்று எழுதிப் பழைய குங்குமச் சிமிழில் போட்டோம். தினம் ராத்திரி மருமகள் ஒரு சீட்டை எடுத்து அதன்படி பஞ்சை வைப்பாள் அல்லது வைக்க மாட்டாள். காலையில் பெரியம்மா காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நாலு விஷயம் எழுத வேண்டும்: எப்போது படுத்தேன், சுமாராக எப்போது தூங்கினேன், நடுவில் எவ்வளவு நேரம் விழித்திருந்தேன், எப்போது எழுந்தேன். கூடவே தூக்கத்துக்கு ஐந்துக்கு ஒரு மதிப்பெண். ராத்திரி கடிகாரம் பார்க்கக் கூடாது, குத்துமதிப்பு போதும்.

பெரியம்மாவை ஏமாற்ற முடியவில்லை என்பதைச் சொல்லவே வேண்டாம். அறைக்குள் நுழைந்ததுமே ‘இன்னைக்குப் பூ வாசம்’ என்று அறிவித்துவிடுவார். பதினாலு நாள் முடிந்து தாளை விரித்தோம். லாவெண்டர் இரவுகளில் மதிப்பெண் சராசரியாக அரை மதிப்பெண் கூடுதல். தூங்கிய நேரத்தில் வித்தியாசம் இல்லை, இரண்டிலும் சுமார் ஆறு மணி நேரம். பெரிய ஆய்வுகள் சொன்னதையே பெரியம்மாவின் காலண்டர் தாளும் சொன்னது, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஆனால் அந்தத் தாளில் வேறொன்று கண்ணில் அடித்தது. பதினாலு நாளும் அவர் படுத்தது எட்டரை மணிக்கு, எழுந்தது ஐந்தரைக்கு. படுக்கையில் ஒன்பது மணி நேரம், தூக்கம் ஆறு மணி நேரம். மிச்சம் மூன்று மணி நேரமும் புரளுவது, கவலைப்படுவது, விட்டத்தைப் பார்ப்பது. நூற்றுக்கு 67 பங்குதான் படுக்கை தூக்கத்துக்குப் பயன்பட்டது. வயதானால் பலருக்கும் தூக்கத்தின் அளவு கொஞ்சம் சுருங்கும். அதை ஈடுகட்டச் சீக்கிரமே படுத்தால், ஆறு மணி நேரத் தூக்கத்தை ஒன்பது மணி நேரத்துக்கு இழுத்துப் போர்த்துவது மாதிரி, நடுவில் ஓட்டை விழத்தான் செய்யும்.

அவருடைய டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, படுக்கும் நேரத்தைப் பதினொன்றுக்குத் தள்ளினோம். எழுவது அதே ஐந்தரை. பகல் தூக்கம் கிடையாது. முதல் வாரம் பெரியம்மா என்னைத் திட்டாத நாள் இல்லை, சீரியல் பார்க்கும்போதே தலை தொங்கிவிடும். மூன்றாவது வாரத்தில் ஆறரை மணி நேரப் படுக்கையில் ஐந்தே முக்கால் மணி நேரம் தூங்கினார். அது நூற்றுக்கு 88. இது 85-ஐத் தாண்டினால் படுக்கும் நேரத்தைக் கால் மணி முன்னே கொண்டுவரலாம் என்பது கணக்கு. அப்படியே மெல்ல மெல்லப் பத்தே கால் வரை வந்தார். தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்று டாக்டர்கள் சொல்வதில் இது முக்கியமான ஒரு பகுதி. நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னால் முதலில் இதைத்தான் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்க, ஐரோப்பிய மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. வலிப்பு நோய், இருதுருவ மனநோய் உள்ளவர்களும், வண்டி ஓட்டுவது போன்ற வேலையில் இருப்பவர்களும் டாக்டர் இல்லாமல் இப்படி நேரத்தைக் குறைக்கக் கூடாது. படுக்கை நேரத்தை ஐந்தரை மணி நேரத்துக்குக் கீழே யாருமே தாங்களாகக் கொண்டுபோகக் கூடாது.

அதனால் உங்கள் அம்மாவுக்கும் இரண்டு வாரக் குறிப்பை முதலில் எழுதச் சொல்லுங்கள். ஒன்பது மணிக்கே படுக்கிறார் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததுமே எனக்குப் பெரியம்மா ஞாபகம்தான் வந்தது. லாவெண்டர் வேண்டுமானால் அந்தப் புதிய படுக்கும் நேரத்தோடு சேர்த்துக்கொள்ளலாம். தினமும் தூக்கம் வரும் நேரத்தில் மட்டும் ஒரே மணம் வந்தால், அது மனதுக்கு ஓர் அடையாளமாகப் பழகிவிடும். குழந்தைக்குத் தாலாட்டு பழகுவது போல. விழித்துக்கொண்டு புரளும்போது பஞ்சை வைத்தால் அதே மணம் புரளுவதற்கும் அடையாளமாகிவிடலாம், எனவே நடுராத்திரி எடுத்து முகர வேண்டாம்.

குறிப்பு எழுதும்போது இன்னும் சிலவற்றைக் கவனியுங்கள். பலமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று, திடுக்கிட்டு மூச்சு இழுக்கிறாரா? பகலில் உட்கார்ந்த இடத்தில் தூங்கிவிடுகிறாரா? அப்படியென்றால் அது தூக்கத்தில் மூச்சடைப்பாக இருக்கலாம், தூக்க மருத்துவரைப் பார்க்க வேண்டும். ராத்திரி கால் குடைச்சலெடுத்து, ஆட்டினால்தான் நிம்மதி என்கிறாரா? இரும்புச் சத்துக் குறைவு காரணமாக இருக்கலாம், ஃபெரிட்டின் பரிசோதனை செய்யச் சொல்வார்கள். 58 வயது என்பதால் உடம்பு திடீரென்று சூடாகி வியர்த்து விழிக்கிறாரா என்றும் கேளுங்கள். பல அம்மாக்கள் பிள்ளைகளிடம் அதைச் சொல்ல மாட்டார்கள், அக்கா கேட்டால் சொல்லலாம். சிறுநீர் கழிக்க இரண்டு மூன்று தடவை எழுகிறார் என்றால் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரை போடும் நேரம் இரண்டையும் பார்க்க வேண்டும். ஏற்கெனவே தூக்க மாத்திரை எடுக்கிறார் என்றால் லாவெண்டர் வந்துவிட்டதே என்று அதைத் தானாக நிறுத்திவிட வேண்டாம். திடீரென நிறுத்தினால் தூக்கம் முன்பைவிட மோசமாகும், சில மருந்துகளில் வலிப்புகூட வரலாம். டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

பெரியம்மா இன்றும் ஒரு சொட்டுப் பஞ்சை வைத்துக்கொள்கிறார். பத்தே காலுக்கு. தூக்கம் வருகிறதோ இல்லையோ, வாசனை நன்றாக இருக்கிறது என்கிறார்.